தார் சாலை மேற்பார்வையாளர்களுக்கு: தார், ரோலிங், கேம்பர்

ஆங்கிலக் குறிப்பில் 'பிட்டுமன்' என்று வருவது நம் சைட்டில் தார் என்று சொல்வதுதான். இந்த வேலைக்கு வி.ஜி.30 ரகம்.

டிப்பர் வந்ததும் தார்ப்பாயை விலக்கி, வெப்பமானியைக் கலவைக்குள் செருகிப் பாருங்கள். விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். குறைந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள், டிரைவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. நீலப் புகை வந்தால் தார் கருகியிருக்கிறது, அதையும் எடுக்காதீர்கள்.

90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ரோலிங் முடிய வேண்டும். ஆறிய கலவையில் எத்தனை முறை ஓட்டினாலும் இறுகாது. உள்ளே காற்றிடைவெளி நிற்கும், மழைநீர் புகுந்து ஜல்லி பெயரும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குள். சக்கரத்தில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் மட்டும். டீசல் தாரைக் கரைத்துவிடும். சூடான பரப்பில் ரோலரை நிறுத்தாதீர்கள்.

கேம்பர் என்பது நடுவிலிருந்து இருபுறமும் இறங்கும் வாட்டம், இங்கே 2.5 சதவீதம். 3.75 மீட்டர் சாலையில் நடு, ஓரத்தைவிட 47 மில்லிமீட்டர் உயரம். கேம்பர் பலகையை வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு போதாது. அடித்தளத்திலேயே வாட்டம் சரியாக இருக்க வேண்டும். மேலே தாரை ஏற்றிச் சரிக்கட்டக் கூடாது.