சின்னவேடம்பட்டி மாடி வீடு: அட்வான்ஸ் தருவதற்கு முன் சில கேள்விகள்

வணக்கம் அம்மா. சனிக்கிழமை மதியம் மாடி வீட்டைப் பார்க்க வந்த திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள். வீடு பிடித்திருக்கிறது. வாடகை 11,000, அட்வான்ஸ் மூன்று மாதம், இரண்டுக்கும் சம்மதம். அன்றைக்குப் பையன் தூக்கத்துக்கு அழுததில் கேட்க நினைத்த எதையும் கேட்காமலே கிளம்பிவிட்டோம், அதனால் எழுதி அனுப்புகிறேன். நீளமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், டைப் பண்ண சிரமமாக இருந்தால் வாய்ஸ் மெசேஜில் சொன்னாலும் போதும்.

முதலில் தண்ணீர். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது "தண்ணிக்கு ஒரு பிரச்சனையும் இல்லைங்க" என்று சொன்னீர்கள். நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதே வார்த்தையைக் கேட்டுத்தான் இதற்கு முன் ஒரு வீட்டுக்கு, வேறு ஊரில், குடி போனோம். அங்கே 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது உண்மைதான், எல்லாம் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நடுராத்திரியில். ஆறு மாதத்தில் குக்கர், ஹீட்டர் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ஹீட்டரைத் தூக்கியே போட்டோம். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் கணக்கே புதுசு, அன்றைக்குத்தான் படித்துக்கொண்டோம். ஆகவே தனித்தனியாகக் கேட்கிறேன்.

கார்ப்பரேஷன் நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எவ்வளவு நேரம் விடுகிறார்கள்? உங்கள் தெருவுக்கு வருவது சிறுவாணியா, பில்லூரா? கடைசியாக வந்த இரண்டு மூன்று தேதி நினைவிருந்தால் சொல்லுங்கள், அது எனக்கு இன்னும் தெளிவாக இருக்கும். அந்தத் தண்ணீர் நேராக மாடிக்கு ஏறுமா, இல்லை கீழே தரைத் தொட்டியில் விழுந்து மோட்டார் போட்டு ஏற்ற வேண்டுமா? தொட்டி எத்தனை லிட்டர், உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றேதானா? ஒன்றுதான் என்றால் மோட்டார் போடுவது யார்? நீங்கள் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்குவீர்கள் என்று சொன்னீர்களே, அந்த வாரம் சுவிட்ச் எங்கள் கைக்கு எட்டுமா? மோட்டார் ஓடுகிற கரண்ட் யார் மீட்டரில் ஏறும்?

சமையலறையில் இரண்டு குழாய் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தண்ணீரா, அல்லது ஒன்று நல்ல தண்ணீருக்கென்று தனி லைனா? போர் எத்தனை அடி, போன ஏப்ரல், மே மாதத்தில் வற்றியதா? வற்றினால் லாரித் தண்ணீர் வாங்குகிற செலவு உங்களுடையதா, பாதிப் பாதியா? இதை இப்போதே பேசிவிட்டால் வெயில் காலத்தில் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வராது.

அப்புறம் பஸ். நான் அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்கிறேன். காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு, மதிய ஷிஃப்ட் என்றால் விட்டு வெளியே வர இரவு ஒன்பதரை ஆகிவிடும். வண்டி ஒன்றுதான், அதை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் வீட்டிலிருந்து எந்த ஸ்டாப் பக்கம், நடந்தால் எத்தனை நிமிடம்? (பைக்கில் எத்தனை நிமிடம் என்று புரோக்கர் சொன்னார், அது எனக்கு உதவாது.) காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு? காந்திபுரம் போய் மாறித்தான் போக வேண்டுமா, இல்லை விளாங்குறிச்சி வழியாக ஹோப் காலேஜ் பக்கம் நேராகப் போகிற பஸ் இருக்கிறதா, இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை? இரவு காந்திபுரத்தில் கடைசி டவுன் பஸ் எப்போது? அதைத் தவறவிட்டால் சத்தி போகிற பஸ்ஸில் ஏறி சரவணம்பட்டியில் இறங்கலாமா, நிறுத்துவார்களா? அங்கிருந்து வீட்டுக்கு அந்நேரம் ஆட்டோ கிடைக்குமா, என்ன கேட்பார்கள்?

இன்னொன்று, உங்கள் பக்கம் ஓடுவது அரசு டவுன் பஸ் அதிகமா, தனியார் பஸ் அதிகமா? பெண்களுக்கு இலவசம் அரசு சாதாரண பஸ்ஸில்தானே, தனியார் பஸ் என்றால் தினமும் டிக்கெட் எடுக்க வேண்டும், மாதக் கணக்கில் அது எங்களுக்குப் பெரிய தொகை.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் இல்லை. மகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு. அரசுப் பள்ளியில்தான் சேர்ப்பது என்று இருக்கிறோம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தானே மருத்துவப் படிப்பில் அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, அவள் வேறு டாக்டர் டாக்டர் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் உள்ள அரசு அல்லது கார்ப்பரேஷன் பள்ளி எட்டாவது வரைதானா, பன்னிரண்டு வரை உண்டா? இங்கிலீஷ் மீடியம் இருக்கிறதா? அவள் தனியாக நடந்து போகிற தூரமா, வழியில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமா? உதவி பெறும் பள்ளியைச் சிலர் அரசுப் பள்ளி என்றே சொல்லிவிடுவார்கள், அது இந்த ஒதுக்கீட்டில் வராது, அதனால் பள்ளியின் பெயரை மட்டும் சரியாகச் சொன்னால் போதும், மீதியை நானே நேரில் போய் விசாரித்துக்கொள்கிறேன். பையன் இரண்டாம் வகுப்பு. உங்கள் தெருப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், எந்தப் பள்ளி வேன் தெரு வரை வருகிறது?

கடைசியாக, இருட்டின பிறகு எப்படி இருக்கும் என்பது. நாங்கள் வந்தது மதியம் மூன்று மணி, அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்லாத்தான் இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து திரும்பியதும் இடது பக்கம் வரிசையாக நாலைந்து காலி சைட், முள்ளும் புதருமாகக் கிடந்தது. அந்த இடத்தில் தெருவிளக்கு எரிகிறதா? அணைந்துபோனால் எத்தனை நாளில் வந்து போடுகிறார்கள்? டாஸ்மாக் கடை எங்கே இருக்கிறது? இரவு பத்து மணிக்குக் கடை மூடுகிற நேரமும் நான் பஸ்ஸை விட்டு இறங்குகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று, கூட்டம் அந்த வழியாகத் திரும்புமா என்றுதான் தெரிய வேண்டும். தெருநாய் எத்தனை, ராத்திரியில் விரட்டுமா? சிரிக்காதீர்கள், நான் அதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயப்படுவேன். பக்கத்தில் செயின் பறிப்பு, திருட்டு ஏதாவது நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்காகவே வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டோம், நான் எந்த வழியில் வருவது என்று முடிவு பண்ண உதவும்.

கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்? எங்களுக்கு ஒரு சாவி கிடைக்குமா? நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவேன், மாதத்தில் ஒரு வாரம் அப்படி இருக்கும். வெளிப் படிக்கட்டில் பல்பு ஹோல்டர் காலியாக இருந்தது, பல்பு நாங்களே வாங்கி மாட்டிக்கொள்கிறோம், ஆனால் சுவிட்ச் உங்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறதே, அதை மாடிக்கு மாற்றித் தர முடியுமா?

வருகிற வியாழன் இரவு ஒன்பதரைக்குக் காந்திபுரத்தில் பஸ் ஏறி, ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடந்து வந்து பார்க்கலாம் என்று இருக்கிறோம், நானும் அவரும் மட்டும். அந்த நேரம் உங்களுக்குத் தொந்தரவு என்றால் கேட் வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறோம். தூங்காமல் இருந்தால் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் மட்டும் குழாயில் பிடித்து வையுங்கள், குடித்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸை அன்றைக்கே கொடுத்துவிடுகிறோம்.