சிறப்புப் பொதுக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு: களம் குத்தகைத் தீர்மானம் ரத்து

நாள்: 13.07.2025, ஞாயிறு காலை 10.20. இடம்: மாரியம்மன் கோயில் மண்டபம். தலைமை: நம் வாய்க்கால் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர். எழுதியவர்: செயலாளர்.

மொத்த உறுப்பினர் 126 பேர். கூட்டம் நடத்தத் தேவையான கோரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 42 பேர் வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் 84 பேர். கோரம் இருக்கிறது என்று தலைவர் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கினார். குறுவை நடவு முடியாத வயல் இன்னும் நிறைய கிடக்கிற நேரத்தில் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் அறிவிப்பு ஒழுங்காகப் போனதா என்று பார்த்தோம். 18.05.2025 கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் 7-ஐ ரத்து செய்யக் கோரி 22.06.2025 அன்று எழுத்து மூலம் மனு வந்தது. துணைவிதி 19-ன்படி பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள், அதாவது 13 பேர் கையெழுத்திட வேண்டும், மனுவில் 19 பேர் கையெழுத்து இருக்கிறது. ரத்து செய்யப்போகும் தீர்மானத்தின் எண், நாள், புதுத் தீர்மானத்தின் முழு வாசகம் மூன்றையும் போட்டு 27.06.2025 அன்று சுற்றறிக்கை விட்டோம். ஊரில் இருப்பவர்களிடம் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம், சென்னையிலும் திருப்பூரிலும் இருப்பவர்களுக்கு அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினோம், ரசீதுகள் கோப்பில் இருக்கின்றன. கொடுத்த நாளையும் கூட்ட நாளையும் கழித்து முழுசாகப் 14 நாள் வேண்டும் என்பது விதி. ஜூன் 28 முதல் ஜூலை 12 வரை 15 நாள் வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் போட்டது நினைவூட்டல் மட்டும்தான், அதை அறிவிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்சேபம் யாரும் சொல்லவில்லை.

அடுத்து பழைய தீர்மானத்தை முழுசாகப் படித்தேன். "சங்கத்துக்குச் சொந்தமான சிமெண்ட் களத்தை மாதம் ரூ.6,000 வீதம் 01.08.2025 முதல் 11 மாதத்துக்குச் செங்கல் வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுவது." அன்றைக்கு ஆதரவு 31, எதிர்ப்பு 18. இதுவரை நடந்தது இவ்வளவுதான்: முன்பணம் ரூ.12,000 காசோலையாக 02.06.2025 அன்று வந்து வங்கியில் சேர்ந்திருக்கிறது, களத்தைச் சுற்றிப் புதர் வெட்ட ரூ.3,400 செலவாகியிருக்கிறது. குத்தகைப் பத்திரம் எழுதவில்லை, சாவியும் கொடுக்கவில்லை.

உறுப்பினர் எண் 23 எழுந்து, ரத்து என்று பெரிய வார்த்தை எதற்கு, மறுபரிசீலனை என்று போட்டாலே போதுமே, சாதாரணப் பெரும்பான்மையில் முடிந்துவிடுமே என்று கேட்டார். துணைவிதி 18-ன்படி மறுபரிசீலனையை அதே கூட்டம் முடிவதற்குள், அதுவும் ஆதரித்து ஓட்டுப் போட்டவர்தான் கொண்டுவர முடியும், அந்தக் கூட்டம் முடிந்து ஜூன் 15 கூட்டத்தில் அதன் குறிப்பும் உறுதிசெய்யப்பட்டுவிட்டது, இனி ரத்து ஒன்றுதான் வழி என்று தலைவர் தீர்ப்பளித்தார். உறுப்பினர் ஏற்றுக்கொண்டார்.

தீர்மானத்தை முன்மொழிந்தவர் உறுப்பினர் எண் 41, வழிமொழிந்தவர் எண் 97.

விவாதத்தை வரிக்கு வரி எழுதவில்லை, சாரத்தை மட்டும் தருகிறேன். எண் 41 சொன்னது: "தண்ணி எங்களுக்குக் கடைசியாத்தான் வருது, அறுப்பும் கடைசி. நாங்க அறுக்கும்போது மழை புடிச்சிக்கும். களத்துல செங்கல் அடுக்கியிருந்தா நெல்லை எங்க கொட்டறது, ரோட்டுலயா?" கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை, காயப்போட இடம் இல்லாவிட்டால் மூட்டையோடு காத்துக் கிடக்க வேண்டியதுதான் என்று எண் 97 சேர்த்துச் சொன்னார். எதிர்த்தவர்கள் வாதத்தையும் குறைக்காமல் எழுதுகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. 11 மாதத்தில் ரூ.66,000 வருகிறது, அந்தப் பணத்தில் தலைப்பு மதகின் ஷட்டரைச் சரிசெய்யலாம், ஷட்டர் சரியில்லாவிட்டால் கடைமடைக்குத்தானே முதல் அடி என்று எண் 12 கேட்டார். வாக்குக் கொடுத்துப் பணத்தையும் வாங்கிவிட்டு இல்லை என்பது சங்கத்துக்கு அழகா என்று எண் 58 கேட்டார். ஷட்டருக்கு வேறு பணம் எங்கே என்ற கேள்விக்கு யாரிடமும் முழுப் பதில் இல்லை. அதை அடுத்த செயற்குழுவில் தனியாக எடுப்பது என்று தலைவர் சொன்னார்.

குத்தகையை சம்பா அறுப்பு முடிந்து மார்ச்சில் தொடங்கலாம் என்று எண் 30 ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நல்ல யோசனைதான், ஆனால் அறிவிப்பில் இருப்பது ரத்து மட்டும், புதுக் குத்தகை பற்றி வராத 42 பேருக்கும் எதுவும் தெரியாது, அதனால் இன்று எடுக்க முடியாது என்று தலைவர் மறுத்தார். வேண்டுமானால் தனி அறிவிப்போடு வரட்டும் என்றார்.

எண் 66, தாம் அந்த வியாபாரிக்கு மைத்துனர் முறை என்று தாமே சொல்லி, பேசவும் இல்லை, ஓட்டும் போடவில்லை.

ஓட்டெடுப்பு கை தூக்கி நடந்தது. ஆதரவுத் தரப்பிலிருந்து ஒருவர், எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் சேர்ந்து எண்ணினார்கள், இருவர் கணக்கும் ஒத்துப்போனது. ஆதரவு 55, எதிர்ப்பு 25, ஓட்டுப் போடாதவர்கள் 4 (தலைவர், எண் 66, மேலும் இருவர்).

இங்கேதான் சலசலப்பு. 84 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 56 வேண்டும், ஒரு ஓட்டு குறைகிறது, தீர்மானம் தோற்றது என்று எண் 12 ஆட்சேபித்தார். துணைவிதி 19-ஐ எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை படித்தேன்: "கூட்டத்துக்கு வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல்." வாக்களித்தவர்கள் 80 பேர், அதில் மூன்றில் இரண்டு 53-க்கு மேல், ஆகவே 54 வேண்டும், 55 இருக்கிறது, தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் அறிவித்தார். தம் ஆட்சேபம் குறிப்பில் ஏற வேண்டும் என்று எண் 12 கேட்டார், ஏற்றியிருக்கிறேன். கணக்கை இவ்வளவு விவரமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம், நாளைக்கு யார் இந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தாங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

தீர்மானம் எண் 11/2025: "18.05.2025 நாளிட்ட தீர்மானம் 7 இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது. அதன்படி ஏற்கெனவே செய்த புதர் வெட்டிய செலவு ரூ.3,400 செல்லும். வாங்கிய முன்பணம் ரூ.12,000-ஐப் பிடித்தம் எதுவும் இல்லாமல் 23.07.2025-க்குள் காசோலையாகத் திருப்பித் தரவும், செயலாளர் நேரில் சென்று விளக்கிக் கடிதம் கொடுக்கவும் முடிவு செய்யப்பட்டது. களம் வழக்கம்போல உறுப்பினர்கள் நெல் காயவைக்கத் திறந்திருக்கும்."

மினிட் புத்தகத்தில் பழைய தீர்மானத்தை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது என்று தலைவர் அறிவுறுத்தினார். அந்தப் பக்கத்து ஓரத்தில் "13.07.2025 தீர்மானம் 11-ஆல் ரத்து, பக்கம் 64 பார்க்க" என்று சிவப்பு மையில் எழுதி, தலைவரும் நானும் கையெழுத்திட்டோம். மனு, சுற்றறிக்கை, கையெழுத்துப் பட்டியல், தபால் ரசீது, ஓட்டு எண்ணிய தாள் எல்லாம் இந்தக் குறிப்போடு இணைக்கப்பட்டுள்ளன.

வேறு பொருள் எதுவும் அறிவிப்பில் இல்லாததால் எடுக்கவில்லை. குறிப்பைக் கூட்டத்திலேயே வாசித்தேன். எண் 58 சொன்னதன் பேரில் முன்பணத் தேதியை மட்டும் திருத்தினேன், ஜூன் 3 என்று தவறாக எழுதியிருந்தது ஜூன் 2 ஆனது. கூட்டம் பகல் 12.45-க்கு முடிந்தது.

ஒப்பம்: தலைவர், செயலாளர், ஓட்டு எண்ணிய இருவர்.