எங்கள் வகுப்பின் படிப்புப் பழக்கங்கள்: கருத்தாய்வு அறிக்கை (மாதிரி விடை)

வினா: உங்கள் வகுப்பு மாணவர்களின் படிப்புப் பழக்கங்கள் குறித்துக் கருத்தாய்வு நடத்தி, கிடைத்த விவரங்களைச் சதவீதத்தில் தந்து, வகுப்பாசிரியருக்கு ஓர் அறிக்கை எழுதுக.

விடை:

அனுப்புநர்: கருத்தாய்வுக் குழு, 10ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு
பெறுநர்: வகுப்பாசிரியர் அவர்கள்
பொருள்: மாணவர்களின் படிப்புப் பழக்கங்கள் – அறிக்கை சமர்ப்பித்தல்

ஆய்வு நடந்த விதம்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் கைக்கு வந்தபின், ‘படித்தும் மதிப்பெண் ஏறவில்லையே’ என்ற பேச்சு வகுப்பில் பலரிடமும் எழுந்தது. காரணம் அறிய 8.10.2025 அன்று எட்டுக் கேள்விகள் கொண்ட தாளை வழங்கினோம். வகுப்பின் 40 பேரும் பதில் தந்தனர். பெயர் எழுதச் சொல்லவில்லை; கணித மதிப்பெண்ணை மட்டும் கேட்டோம். ஒரு மாணவர் 2.5 சதவீதத்துக்குச் சமம். வேறு அடிப்படையில் கணக்கிட்ட இடங்களில் அதைத் தனியே சுட்டியுள்ளோம்.

நேரமும் டியூஷனும்

வார நாள்களில் வீட்டில் தாமாகப் படிக்கும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு என்றவர்கள் 20%. ஒன்று முதல் இரண்டு மணி நேரம் என்றவர்கள் 45%, இரண்டு முதல் மூன்று மணி நேரம் என்றவர்கள் 25%, அதற்கும் மேல் என்றவர்கள் 10%. மாலையிலிருந்து இரவு 10 மணிக்குள் படிப்போர் 62.5%, அதிகாலையில் எழுந்து படிப்போர் 22.5%, 10 மணிக்கு மேல் கண்விழித்துப் படிப்போர் 15%.

டியூஷனுக்குச் செல்வோர் 26 பேர், அதாவது 65%. ஒரு மணி நேரம்கூடத் தாமாகப் படிக்காத 8 பேரில் 7 பேர் டியூஷன் செல்பவர்கள். அந்த எட்டுப் பேரில் இது 87.5%. ஆறு மணிக்குப் போய் எட்டரைக்கு முடித்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதினால் அன்றைய பாடத்தைத் திறக்கவே நேரம் இருப்பதில்லை. டியூஷனில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையே படித்த நேரமாக எண்ணிவிடுகிறோம்.

படிக்கும் முறை

எங்கள் பார்வையில் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. புத்தகத்தையோ நோட்டையோ திரும்பத் திரும்ப வாசிப்பதே தங்கள் முறை என்றவர்கள் 60%. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்போர் 22.5%. பழைய வினாத்தாள்களுக்கு நேரம் வைத்து விடையெழுதிப் பழகுவோர் 17.5% மட்டுமே.

பலமுறை வாசித்த பக்கம் பழகிப்போவதால், ‘தெரியும்’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தேர்வறையில் புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் எது தங்கவில்லை என்பது தெரிகிறது. கணிதத்தில் இது கூடுதலாகப் பாதிக்கும்: தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு, முதல் வரியைத் தாமே எழுதத் தொடங்குவது வேறு.

வாசிப்பதை மட்டும் நம்பும் 24 பேரில் கணிதத்தில் 60 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ பெற்றவர்கள் 9 பேர் (37.5%). வினாத்தாள் எழுதிப் பழகும் 7 பேரில் 6 பேர் அந்த மதிப்பெண்ணை எட்டியுள்ளனர் (சுமார் 86%). ஏழு பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஒருவர் மாறினாலும் சதவீதம் 14 புள்ளிகள் நகரும். ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களே வினாத்தாளை எடுத்திருக்கவும் கூடும். ஆகவே இதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. முயன்று பார்க்கத் தக்க வழியாக முன்வைக்கிறோம்.

நடத்திய பாடத்தை அன்றே திருப்பிப் பார்ப்போர் 25%, வார இறுதியில் பார்ப்போர் 22.5%. மீதமுள்ள 52.5% தேர்வு நெருங்கிய பிறகே பார்க்கின்றனர். தள்ளிப்போடும் பாடம் கணிதம் என்றவர்கள் 42.5%, ஆங்கிலம் 27.5%, அறிவியல் 17.5%, சமூக அறிவியல் 12.5%.

இடையூறுகள்

இக்கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைக் குறிக்கலாம் என்பதால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும். டிவி சத்தம் 70%, பக்கத்தில் இருக்கும் செல்போன் 55%, வீட்டு வேலை 30%. டிவி ஓடும் கூடத்திலேயே படிக்க வேண்டியிருக்கிறது என்று பலர் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தனர். இவர்களைக் கவனக்குறைவு என்று குறை சொல்வது நியாயமாகாது.

பரிந்துரைகள்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 20 நிமிடம் ஒதுக்கி, அந்த வாரப் பாடங்களிலிருந்து ஐந்து இரண்டு மதிப்பெண் வினாக்களுக்குப் புத்தகம் பாராமல் விடையெழுதச் செய்யலாம். பக்கத்தில் இருப்பவர் திருத்தினால் போதும். மதிப்பெண் பதிவேட்டில் ஏற வேண்டாம், ஏறினால் பார்த்து எழுதத் தோன்றும். வீட்டில் அமைதியான இடம் இல்லாதவர்களுக்காக மாலை 4.30 முதல் 5.45 வரை வகுப்பறையைத் திறந்து வைக்க அனுமதி வேண்டுகிறோம். படிக்கும் நேரத்தில் செல்போனை வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்துவைப்பது குறித்துப் பெற்றோர் கூட்டத்தில் தாங்கள் பேச வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்குப் பின், ஜனவரியில் இதே எட்டுக் கேள்விகளை மாற்றாமல் மீண்டும் கேட்டு, இரு முடிவுகளையும் ஒப்பிட்டுத் தங்களிடம் அளிப்போம்.

இடம்: பெரம்பூர், சென்னை – 11
நாள்: 14.10.2025

இப்படிக்கு,
கருத்தாய்வுக் குழுவினர்