மனைவியையும் மகளையும் ஜெர்மனியில் குடியமர்த்த நான்கு வார விடுப்பு வேண்டி

06.07.2026

அனுப்புநர்:
முதுநிலைக் கணக்கர்,
கணக்குப் பிரிவு.

பெறுநர்:
நிதி மேலாளர் அவர்கள்.

பொருள்: 24.08.2026 திங்கள் முதல் 18.09.2026 வெள்ளி வரை விடுப்பு கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

என் மனைவிக்கு ஜெர்மனியில் உள்ள ஒரு மருத்துவமனையில் செவிலியர் பணி கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 1 அன்று அவர் பணியில் சேர வேண்டும். ஒன்பது வயதான எங்கள் மகளும் உடன் செல்கிறாள். அவர்களை அழைத்துச் சென்று, வீடும் பள்ளியும் ஒரு நிலைக்கு வரும்வரை உடனிருந்துவிட்டுத் திரும்ப, மேற்கண்ட நாட்களுக்கு எனக்கு விடுப்பு வேண்டும். மொத்தம் 20 வேலை நாட்கள். என் கணக்கில் 14 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. மீதி 6 நாட்களை ஊதியமில்லா விடுப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

கொண்டுபோய் விட்டுவர ஒரு வாரம் போதாதா என்று தங்களுக்குத் தோன்றலாம். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகஸ்ட் 25 அன்று பயணம். 27 அன்று வீட்டுச் சாவி கிடைக்கும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். பதிவு முடிந்தபின்தான் வருமான வரி எண் தபாலில் வரும். முகவரிப் பதிவுக்கு எங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம் செப்டம்பர் 8 காலை. அதற்குள் மனைவி பணியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். படிவம் வாங்குவது, தபாலுக்குக் காத்திருப்பது, வீட்டுக்கு வரும் கட்டில் மேசையை இறக்கிவைப்பது எல்லாமே அவருடைய வேலை நேரத்தில்தான் வருகின்றன.

பள்ளிச் சேர்க்கைக்குத் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்றையும் கேட்கிறார்கள். மகளின் அட்டையில் இரண்டாம் தவணைக்கான முத்திரை மங்கிப்போயிருந்ததால் மருத்துவரிடம் புதிதாக எழுதி வாங்கியிருக்கிறோம். விடுப்புக் கடிதத்தில் எழுதும் செய்தியல்ல என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் டீச்சரிடம் எப்படிக் கேட்பது?" என்று மகள் போன வாரம் கேட்டாள். மொழி தெரியாத பள்ளியில் முதல் சில நாட்களாவது அவளை வாசல்வரை கொண்டுவிட்டு, மாலையில் அதே வாசலில் நான் நிற்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். செப்டம்பர் 16 அன்று மனைவியின் அக்கா வந்துவிடுவார். அதன்பின் பொறுப்பு அவருடையது.

நான் இல்லாத நாட்களில் ஆகஸ்ட் மாதக் கணக்கு முடிப்பு வருகிறது என்பதுதான் சங்கடம். மே மாதக் கணக்கை நான் பக்கத்தில் இருக்க, இளநிலைக் கணக்கரே முடித்தார். ஜூலை கணக்கை நான் கைவைக்காமல் முழுக்க அவரிடமே விட்டுவிட்டு, முடிந்தபின் சரிபார்க்கிறேன். அதில் தடுமாறினால் ஆகஸ்ட் 10-க்குள் தங்களிடம் சொல்லிவிடுவேன். மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் இருக்கும். வங்கி ஒத்திசைவில் ஒவ்வொரு மாதமும் இடிக்கும் மூன்று கணக்குகளைப் பற்றித் தனிக் குறிப்பு எழுதிவைக்கிறேன். மாத இறுதிவரை கொடுக்க வேண்டிய விற்பனையாளர் தொகைகளுக்கான தாள்களை 21 ஆம் தேதிக்குள் தங்கள் கையெழுத்துக்கு வைத்துவிடுவேன்.

எனக்குக் கிடைத்திருப்பது குறுகியகால விசா. அதை வைத்துக்கொண்டு அங்கிருந்து அலுவலக வேலை பார்க்க இயலாது. அவசரமாக ஒரு சந்தேகம் என்றால் தொலைபேசியில் பதில் சொல்வேன். பயண நாளிலும் செப்டம்பர் 8 காலையிலும் மட்டும் எடுக்க முடியாமல் போகலாம்.

தாங்கள் கேட்கத் தயங்கக்கூடிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நானும் அங்கேயே போய்விடும் எண்ணத்தில் இந்த விடுப்பைக் கேட்கவில்லை. செப்டம்பர் 19 அன்று திரும்புவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று. 21 திங்கள் காலை பணிக்கு வந்துவிடுவேன். பின்னாளில் குடும்பத்தோடு சேர வேண்டிய நிலை வந்தால், முறைப்படி முன்னறிவிப்புக் காலம் முழுவதையும் பணியில் இருந்து முடித்துவிட்டே செல்வேன்.

நான்கு வாரம் முழுவதும் தருவது கடினம் என்றால், ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 9 வரையிலான நாட்களையாவது அனுமதிக்க வேண்டுகிறேன். பள்ளிக்கு வேறு வழி தேடிக்கொள்வோம். பயணத் தேதியை மாற்றுவதற்குக் கட்டணம் உண்டு என்பதால், ஜூலை 17-க்குள் தங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்.

மனைவியின் பணி நியமன ஆணை, எங்கள் பயணச்சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
முதுநிலைக் கணக்கர்,
கணக்குப் பிரிவு.