கால அட்டவணையும் நிலைய அறிவிப்பும்: படித்து விடை காண்போம்

அட்டவணை (24 மணி நேரக் கணக்கில்)

வண்டி 1, தினமும்: ஆற்றுப்பாலம் 06.40, சந்திப்பு வருகை 07.55, புறப்பாடு 08.05, துறைமுகம் 09.20
வண்டி 2, ஞாயிறு தவிர: ஆற்றுப்பாலம் 07.30, சந்திப்பில் நிற்காது, துறைமுகம் 09.05
வண்டி 3, வெள்ளி மட்டும்: ஆற்றுப்பாலம் 22.50, சந்திப்பு வருகை 00.10, புறப்பாடு 00.20, துறைமுகம் 01.35

அறிவிப்பு

தண்டவாளப் பராமரிப்பு காரணமாக 14 சனி முதல் 16 திங்கள் வரை வண்டி 1 சந்திப்போடு நின்றுவிடும். அங்கிருந்து 08.15க்கு இணைப்புப் பேருந்து உண்டு. துறைமுகம் செல்ல 1 மணி 40 நிமிடம் ஆகும். ரயில் டிக்கெட்டே செல்லும். பேருந்தில் சைக்கிள் ஏற்ற முடியாது. ரயில்களில் வழக்கம்போல் ஏற்றலாம்.

1. 15ஆம் தேதி காலை 10 மணிக்குள் ஆற்றுப்பாலத்திலிருந்து துறைமுகம் சேர முடியுமா?
முடியும். அன்று ஞாயிறு, வண்டி 2 கிடையாது. வண்டி 1இல் வந்து பேருந்து ஏறினால் 09.55க்குச் சேரலாம். ஐந்து நிமிடம்தான் மிச்சம். முக்கியமான வேலை என்றால் நம்பிப் போக வேண்டாம்.

2. 14ஆம் தேதி காலை சைக்கிளோடு துறைமுகம் போக எது சரி?
வண்டி 2.

3. வண்டி 3ஐச் சந்திப்பில் பிடிக்க எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்?
பலரும் தவறுவது இங்கேதான். வண்டி கிளம்புவது வெள்ளி இரவு. ஆனால் சந்திப்புக்கு வரும்போது நள்ளிரவு கடந்து சனிக்கிழமை ஆகிவிடும். அதனால் சந்திப்பில் ஏறுபவர் சனிக்கிழமைத் தேதிக்கு எடுத்து, வெள்ளி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும்.