கொள்முதல், பணப்பட்டுவாடா: உள்தணிக்கை அறிக்கையின் சுருக்கம்

பெறுநர்: தலைமை நிர்வாக அதிகாரி, தலைமை நிதி அதிகாரி, இயக்கப் பிரிவுத் தலைவர், தணிக்கைக் குழு உறுப்பினர்கள்
அனுப்புநர்: உள்தணிக்கைத் தலைவர்
தணிக்கைக்கு உட்பட்ட காலம்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை

முழு அறிக்கை 43 பக்கம். அதில் 6 கண்டறிதல்கள் உள்ளன. 4 விஷயங்களை நிர்வாகம் ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது, ஒன்றில் இடரைத் தாங்கிக்கொள்ள முடிவு செய்திருக்கிறது. மீதமுள்ள ஒன்றில், அதாவது ஆர்டர்களைப் பிரித்துப் போடும் பழக்கத்தில், எங்களுக்கும் கொள்முதல் பிரிவுக்கும் உடன்பாடு இல்லை. நவம்பர் 24 கூட்டத்தில் உங்கள் முடிவு முக்கியமாகத் தேவைப்படுவது அதற்குத்தான்.

எங்கள் ஒட்டுமொத்தக் கருத்து: கட்டுப்பாடுகள் எழுத்தில் நன்றாகவே இருக்கின்றன, நடைமுறையில் கணிசமான மேம்பாடு தேவை. மோசடி நடந்ததற்கான ஆதாரம் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கீழே மூன்று பகுதிகள். முதலில் நாங்கள் பார்த்தது, அடுத்து அது எவ்வளவு கடுமையானது என்ற எங்கள் மதிப்பீடு, கடைசியில் நிர்வாகம் சொன்ன பதில். வரைவு அறிக்கையைப் பேசும்போது “அதைத்தான் சரிசெய்துவிட்டோமே, பிறகு ஏன் அறிக்கையில்?” என்ற கேள்வி பல முறை வந்தது. தணிக்கைக் காலத்தில் என்ன நடந்தது என்பதை அதன்பின் எடுத்த நடவடிக்கை மாற்றிவிடாது. அதனால் மூன்றையும் கலக்காமல் தருகிறோம்.

பகுதி 1: கண்டறிதல்கள்

கண்டறிதல் 1: சப்ளையர்களின் வங்கிக் கணக்கு மாற்றம். ஒரு சப்ளையர் தன் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொன்னால், நம்மிடம் ஏற்கெனவே பதிவாகியுள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் பதிய, வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும். இது நம் கொள்முதல் விதி. ஆறு மாதத்தில் 186 மாற்றங்கள் நடந்துள்ளன. 40-ஐ எடுத்துப் பார்த்தோம். 11 மாற்றங்களில் தொலைபேசியில் உறுதிசெய்ததற்கான பதிவே இல்லை. அந்த 11-இல் 7-ஐப் பதிந்தவரும் ஒப்புதல் தந்தவரும் ஒரே ஆள்.

இதற்கு யாருடைய அலட்சியமும் முதல் காரணம் இல்லை. புதிய கணக்கு மென்பொருளுக்கு மாறியபோது, பழைய தரவை ஏற்றும் வேலைக்காக 4 பேருக்கு இரண்டு உரிமைகளும் தற்காலிகமாகத் தரப்பட்டன. வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியவர் யார் என்று எங்குமே எழுதி வைக்கவில்லை. ஆகவே யாரும் பெறவில்லை. அந்த 11 சப்ளையர்களையும் நாங்களே நேரடியாகத் தொடர்புகொண்டு கேட்டோம். எல்லாக் கணக்குகளும் சரியானவைதான், பணம் தவறான இடத்துக்குப் போகவில்லை. நாங்கள் பார்க்காத 146 மாற்றங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

கண்டறிதல் 2: ஆர்டர்களைப் பிரித்துப் போடுதல். துறைத் தலைவரின் ஒப்புதல் வரம்பைத் தாண்டும் கொள்முதல் மேல்நிலை ஒப்புதலுக்குப் போக வேண்டும். ஒரே சப்ளையர், ஒரே பொருள், ஐந்து நாள்களுக்குள் போடப்பட்ட ஆர்டர்கள் என்று மொத்தத் தரவையும் சலித்துப் பார்த்தோம். 25 தொகுப்புகள் கிடைத்தன, அவற்றில் 62 ஆர்டர்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வோர் ஆர்டரும் வரம்புக்குள் இருக்கிறது. தொகுப்பாகக் கூட்டினால் எல்லாமே வரம்பைத் தாண்டுகின்றன. 25-இல் 17 தொகுப்புகள் இரண்டே துறைகளில் இருந்து வந்தவை.

பொருள்கள் எல்லாம் வந்து சேர்ந்ததைக் கிடங்குப் பதிவேட்டோடு ஒப்பிட்டு உறுதிசெய்தோம். விலையில்தான் கேள்வி நிற்கிறது: 16 தொகுப்புகள் ஏற்கெனவே உள்ள விலை ஒப்பந்தத்துக்குள் வருகின்றன, மற்ற 9-க்கு ஒப்பந்தமும் இல்லை, போட்டி விலைப்புள்ளியும் வாங்கவில்லை. மேல்நிலை ஒப்புதலுக்குப் போயிருந்தால் விலைப்புள்ளி கேட்கப்பட்டிருக்கும்.

ஏன் பிரிக்கிறார்கள்? அந்த இரண்டு துறைகளிலும் பேசினோம். மேல்நிலை ஒப்புதலுக்குச் சராசரியாக 9 வேலை நாள்கள் ஆகின்றன. பழுதான இயந்திரம் அவ்வளவு நாள் காத்திருக்காது என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் 62 ஆர்டர்களில் 21 அலுவலகப் பொருள்களும் வழக்கமான இருப்புப் பொருள்களும்தான். அவற்றுக்கு அந்த அவசரம் பொருந்தாது.

கண்டறிதல் 3: இரட்டைப் பணப்பட்டுவாடா. 6 இன்வாய்ஸ்களுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது. நான்கு திரும்பி வந்துவிட்டன, இரண்டு நிலுவை. இன்வாய்ஸ் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டுமே மென்பொருள் எச்சரிக்கிறது. `INV-0457` என்று ஒரு முறையும் `INV457` என்று மறுமுறையும் பதிந்தால் அதற்கு இரண்டும் வெவ்வேறு.

கண்டறிதல் 4: விலகியவர்களின் கணினி அணுகல். விலகிய 52 ஊழியர்களில் 9 பேரின் கணக்குகள் கடைசி நாளுக்குப் பிறகும் திறந்தே இருந்தன. ஒன்றில், ஊழியர் போன பின்பு ஒரு மாத இறுதிக் கணக்குப் பதிவு நடந்திருக்கிறது. பதிவு சரியானது. அந்தக் கடவுச்சொல்லைத் தெரிந்துவைத்திருந்த சக ஊழியர் செய்தது.

கண்டறிதல் 5: சோதித்த 60 இன்வாய்ஸ்களில் 14-க்கு, பொருள் பெற்றதற்கான பதிவு இன்வாய்ஸ் வந்த பிறகே போடப்பட்டிருக்கிறது. பணம் போகும் முன் எல்லாம் பதிவாகிவிட்டன.

கண்டறிதல் 6: சிறு தொகைக்கு வியாபாரம் செய்யும் சில சப்ளையர்களின் பதிவு ஆவணங்கள் காலாவதியாகியுள்ளன.

பகுதி 2: இடர் மதிப்பீடு

மதிப்பீடு உள்தணிக்கையின் பொறுப்பு. நடக்கக்கூடிய வாய்ப்பு, நடந்தால் வரும் பாதிப்பு, நடந்தது நமக்கு எவ்வளவு சீக்கிரம் தெரியவரும் என்ற மூன்றையும் வைத்து மதிப்பிட்டோம். இதுவரை இழப்பு இல்லை என்பதற்காக எதையும் குறைக்கவில்லை. பதில் நன்றாக இருக்கிறது என்பதற்காகவும் குறைக்கவில்லை. உயர் இடரை 30 நாளிலும், நடுத்தர இடரை 90 நாளிலும், குறைந்த இடரை 180 நாளிலும் சரிசெய்ய வேண்டும் என்பது நம் தணிக்கைச் சாசனத்தின் விதி.

உயர் இடர்: கண்டறிதல் 1, 2. சப்ளையர் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி வங்கிக் கணக்கை மாற்றச் சொல்வது உலகெங்கும் நடக்கும் மோசடி. அதைத் தடுக்க நம்மிடம் இருப்பவை அந்தத் தொலைபேசி அழைப்பும் இரண்டாவது ஆளின் ஒப்புதலும்தான். ஏழு மாற்றங்களில் இரண்டுமே இல்லை. தவறான கணக்குக்குப் பணம் போனால், உண்மையான சப்ளையர் “பணம் வரவில்லையே” என்று கேட்கும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் அந்தப் பணத்தை மீட்பது பெரும்பாலும் முடியாத காரியமாகிவிடும்.

கண்டறிதல் 2-ஐ உயர் இடர் என்றதற்குத் தொகை காரணம் இல்லை. ஒரு கட்டுப்பாட்டைத் தாண்டிப் போவது இரண்டு துறைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இன்று நியாயமான தேவைக்குப் பயன்படும் அதே வழி, நாளை வேண்டியவருக்கு வேலை கொடுக்கவும் பயன்படும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நடுத்தர இடர்: கண்டறிதல் 3, 4. இரட்டைப் பணம் பெரும்பாலும் மீட்கக்கூடியது. அணுகல் விஷயத்தை முதலில் குறைந்த இடர் என்றே வைத்திருந்தோம். விலகியவரின் கணக்கு உண்மையிலேயே பயன்படுத்தப்பட்டது தெரிந்ததும் ஒரு படி உயர்த்தினோம்.

குறைந்த இடர்: கண்டறிதல் 5, 6.

பகுதி 3: நிர்வாகத்தின் பதில்

பதில்கள் அந்தந்தப் பிரிவுத் தலைவர்கள் எழுத்தில் தந்தவை. அவற்றைப் பற்றிய எங்கள் குறிப்பு தனியாகத் தரப்பட்டுள்ளது.

கண்டறிதல் 1: ஏற்கப்பட்டது. பொறுப்பு: நிதிக் கட்டுப்பாட்டு அலுவலர். 4 பேரின் இரட்டை உரிமை நீக்கப்பட்டுவிட்டது. மீதமுள்ள 146 மாற்றங்களையும் சப்ளையர்களிடம் உறுதிசெய்யும் வேலை டிசம்பர் 15-க்குள் முடியும். உறுதிப்பதிவு எண் இல்லாமல் மாற்றத்தைச் சேமிக்க முடியாதபடி மென்பொருளும் அதே தேதிக்குள் மாற்றப்படும்.
*உள்தணிக்கைக் குறிப்பு:* உரிமை நீக்கத்தை நாங்களே சரிபார்த்தோம், முடிந்தது. மற்ற இரண்டும் இன்னும் வாக்குறுதிதான்.

கண்டறிதல் 2: பகுதியளவு ஏற்கப்பட்டது. பொறுப்பு: குறிப்பிடப்படவில்லை. கொள்முதல் பிரிவின் நிலைப்பாடு இது: எல்லாக் கொள்முதல்களும் உண்மையான தேவைக்கானவை, பொருள் வந்திருக்கிறது, பெரும்பாலானவை ஒப்பந்த விலையில் வாங்கியவை, ஆகவே நடுத்தர இடர் என்பதே பொருத்தம். இனி ஆர்டர்களைப் பிரிக்க வேண்டாம் என்று துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பப்படும்.
*உள்தணிக்கைக் குறிப்பு:* மதிப்பீட்டை மாற்றவில்லை. சுற்றறிக்கையைப் போதுமான நடவடிக்கையாகவும் நாங்கள் கருதவில்லை. இரண்டு வருடங்களுக்கு முந்தைய தணிக்கையிலும் இதே பதில்தான் வந்தது. 9 நாள் தாமதம் தொடரும் வரை ஆர்டர்கள் பிரிந்துகொண்டுதான் இருக்கும்.

கண்டறிதல் 3: ஏற்கப்பட்டது. பொறுப்பு: கணக்குப் பிரிவு மேலாளர். நிலுவையில் உள்ள இரண்டும் அந்தச் சப்ளையர்களின் அடுத்த இன்வாய்ஸில் கழிக்கப்படும். குறிகளையும் முன்னால் வரும் பூஜ்ஜியங்களையும் நீக்கிவிட்டு ஒப்பிடும் வசதி ஜனவரி 31-க்குள் வரும். அதுவரை ஒவ்வொரு பணப்பட்டுவாடாவுக்கு முன்பும் பட்டியலைக் கையால் சரிபார்ப்பார்கள்.

கண்டறிதல் 4: ஏற்கப்பட்டது. பொறுப்பு: மனிதவளத் தலைவரும் தகவல் தொழில்நுட்பத் தலைவரும். 9 கணக்குகளும் மூடப்பட்டன. இனி விலகுபவரின் கடைசி நாளன்றே மனிதவளப் பிரிவிலிருந்து தகவல் போகும். கடவுச்சொல் பகிர்வு பற்றி மனிதவளப் பிரிவு விசாரிக்கிறது. முடியும் வரை நாங்கள் கருத்துச் சொல்வதற்கில்லை.

கண்டறிதல் 5: ஏற்கப்பட்டது. பொறுப்பு: கிடங்கு மேலாளர். மார்ச் 31-க்குள்.

கண்டறிதல் 6: நிர்வாகம் இடரை ஏற்றுக்கொள்கிறது. ஆவணங்களைத் திரும்பக் கேட்டு வாங்கும் செலவு, கிடைக்கும் பாதுகாப்பைவிட அதிகம் என்பது வாதம். அது நம் இடர் ஏற்பு வரம்புக்குள் இருப்பதால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

நவம்பர் 24 கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை

கண்டறிதல் 2-இல் இரண்டு வழிகள் உண்டு. மேல்நிலை ஒப்புதலை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க மாற்று ஒப்புதலாளரை நியமிப்பது ஒன்று. அவசரப் பழுதுகளுக்கு மட்டும் துறைத் தலைவரின் வரம்பை உயர்த்தி, பிறகு மாதந்தோறும் அவற்றை மறுஆய்வு செய்வது மற்றொன்று. முதல் வழியைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். இரண்டாவதில் “அவசரம்” எது என்ற வாக்குவாதமே தனி வேலையாகிவிடும். எதைத் தேர்ந்தாலும் பொறுப்பாளர் ஒருவரும் முடிக்கும் தேதியும் வேண்டும். இருக்கும் நிலையே தொடரட்டும் என்று தலைமை முடிவெடுத்தால், அது நம் இடர் ஏற்பு வரம்பைத் தாண்டும் என்பது என் கருத்து. உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகளின் 11.5-ஆம் தரநிலைப்படி அதை நான் முதலில் உங்களிடம் பேசி, தீராவிட்டால் இயக்குநர் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 146 மாற்றங்களை உறுதிசெய்து முடிக்கும் வரை, அந்தச் சப்ளையர்களுக்கான பணத்தை நிறுத்தி வைப்பதா, அல்லது ஒவ்வொன்றையும் தலைமை நிதி அதிகாரி பார்த்து விடுவிப்பதா என்பதைக் கூட்டத்துக்கு முன்பே அவர் முடிவு செய்தால் நல்லது. அடுத்த பணப்பட்டுவாடா நவம்பர் 20 அன்று.

கண்டறிதல் 1-இன் நடவடிக்கைகளை டிசம்பர் மூன்றாவது வாரத்தில் மறுசோதனை செய்வோம். மற்றவற்றின் நிலவரம் காலாண்டு அறிக்கையில் வரும்.