பெறுபேறுகள்: ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல்லும் மூன்று புசலும் தரும் விளைச்சலின் சமானம்

மட்டக்களப்பு படுவான்கரையில் 2022/23 பெரும்போகத்தில் 36 வயல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வரம்பு போட்டு இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியில் ஏக்கருக்கு 2 புசலும் மறுபாதியில் வழமைப்படி 3 புசலும் பி.ஜி. 94-1 இன நெல் வீசி விதைக்கப்பட்டது. ஈரப்பதன் 14 சதவீதத்துக்குத் திருத்திய இடை விளைச்சல் 2 புசலில் ஏக்கருக்கு 1,742 கி.கி., 3 புசலில் 1,768 கி.கி. சோடி வித்தியாசத்தின் (2 புசல் கழித்தல் 3 புசல்) இடை −26 கி.கி., நியம விலகல் 186, நியம வழு 31.

வழமையான சோடி t சோதனையில் வித்தியாசம் தென்படவில்லை, t(35) = −0.84, p = 0.41. ஆனால் இதை மட்டும் வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. வயல்கள் குறைவாக இருந்தாலும் இப்படித்தான் வரும். ஆகவே இரு ஒருபக்கச் சோதனை முறையில் (α = 0.05) சமானத்தைச் சோதித்தோம். சமான எல்லை ±84 கி.கி., அதாவது புசலுக்கு 21 கி.கி. வீதம் நாலு புசல். விதைப்புக்கு முன் விவசாயிகளோடு இருந்து பேசி இதைத் தீர்மானித்தோம். ஏக்கருக்கு நாலு புசல் குறைந்தால்தான் அது நட்டமாகத் தெரியும், அதற்குள் என்றால் மழை, பூச்சி என்று போகும் கணக்குத்தான் என்றார்கள். தரவைப் பார்த்த பிறகு எல்லையை மாற்றவில்லை.

கீழ் எல்லைக்கு எதிரான சோதனை t(35) = 1.87, p = 0.035; மேல் எல்லைக்கு எதிரானது t(35) = −3.55, p < 0.001. இரண்டு சூனியக் கருதுகோள்களும் நிராகரிக்கப்பட்டன. 90% நம்பிக்கை ஆயிடை −78 முதல் 26 கி.கி. வரை, முழுவதும் எல்லைக்குள் உள்ளது. எனவே நாலு புசல் எல்லையில் 2 புசல் விதைப்பின் விளைச்சல் 3 புசலுக்குச் சமானம் என முடிவு செய்கிறோம். முடிவு கீழ்ப்பக்கத்தில் மயிரிழையில்தான் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: 95% ஆயிடை (−89 முதல் 37 வரை) கீழ் எல்லையைத் தாண்டுகிறது. 0.05 மட்டத்தில் செய்யும் இரு ஒருபக்கச் சோதனைகளுக்குப் பொருந்துவது 90% ஆயிடைதான் என்பதால் முடிவு மாறாது, ஆனால் எல்லை மூன்று புசலாக (±63 கி.கி.) இருந்திருந்தால் சமானம் கிடைத்திராது.

நீர்ப்பாசன வயல்களையும் மானாவாரி வயல்களையும் பிரித்துப் பார்த்தது முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. நீர்ப்பாசன வயல்கள் 24இல் 90% ஆயிடை −68 முதல் 61 வரை, எல்லைக்குள். மானாவாரி வயல்கள் 12இல் இடை வித்தியாசம் −71 கி.கி., ஆயிடை −170 முதல் 27 வரை; கீழ் எல்லைச் சோதனையில் t(11) = 0.24, p = 0.41. இங்கே சமானமும் நிறுவப்படவில்லை, வித்தியாசமும் நிறுவப்படவில்லை. ஆகையால் மானாவாரிக்காரருக்கு விதையைக் குறைக்கும்படி இந்தத் தரவைக் கொண்டு சொல்ல மாட்டோம்.